அப்பாவின் கார்டைத் தொட வேண்டாம்

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலை, பக்கத்து வீட்டு நண்பர் செல்போனோடு வந்து திண்ணையில் உட்கார்ந்தார். அவருடைய அப்பா அரசுப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். 78 வயதில், அந்த மாதம் 11-ஆம் தேதி காலமானார். அம்மா இருக்கிறார். பிள்ளைகள் நால்வரில் நண்பர்தான் மூத்தவர். பெரிய தம்பிக்குத் திருச்சியில் வேலை, தங்கையை உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்திருக்கிறார்கள், கடைசித் தம்பி துபாயில்.

“எல்லாரும் நாளைக்குக் கிளம்பிடுவாங்க சார். யார் எதைப் பார்க்கணும்னு குரூப்பில் ஒரு செய்தி போடணும். எதிலிருந்து ஆரம்பிக்கிறதுன்னு தெரியலை” என்றார்.

கருவூலத்தில் பல வருடம் உட்கார்ந்து இதே தாள்களைப் பார்த்தவன் என்பதால் என்னிடம் வந்தார். டீ வந்தது. ஒவ்வொரு வரியாக எழுதினோம்.

முதல் வரி இது: “அப்பாவின் ஏடிஎம் கார்டை யாரும் தொட வேண்டாம். கார்டும் பாஸ்புக்கும் என்னிடம் இருக்கட்டும்.”

நண்பர் தயங்கினார். காரியச் செலவுக்குக் கடன் வாங்கியிருந்தார்கள். கார்டின் ரகசிய எண் தங்கைக்குத் தெரியும். மாதக் கடைசியில் ஓய்வூதியம் வந்து விழும், எடுத்துக் கடனை அடைத்துவிடலாம் என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. பல வீடுகளில் நல்ல மனதோடு செய்யும் தவறு இதுதான். கணக்குக்காரர் இறந்த நொடியோடு அந்தக் கார்டைப் பயன்படுத்தும் உரிமை முடிந்துவிடுகிறது. நாமினியாக இருந்தாலும் வங்கியில் மனு கொடுத்துத்தான் பணம் பெற வேண்டும்.

ஒரு கணக்கும் போட்டுக் காட்டினேன். புரிவதற்காக அகவிலைப்படியை விட்டுவிடுவோம். அப்பாவின் அடிப்படை ஓய்வூதியம் 30,000 ரூபாய். ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தில் பாதி, வழக்கமான குடும்ப ஓய்வூதியம் அதே சம்பளத்தில் 30 சதவீதம். ஆகவே அம்மாவுக்கு 18,000 ரூபாய். இறந்த நாள்வரை அப்பாவின் ஓய்வூதியம், மறுநாளிலிருந்து குடும்ப ஓய்வூதியம். 30 நாள் மாதத்தில் 11 நாளுக்கு 11,000 ரூபாய், மீதி 19 நாளுக்கு 11,400 ரூபாய், ஆக மொத்தம் 22,400 ரூபாய்தான் குடும்பத்துக்குச் சேர வேண்டியது. தகவல் போகாவிட்டால் கணக்கில் விழுவது முழு 30,000. கூடுதலாக வந்த 7,600 ரூபாயைத் திருப்பித்தான் ஆக வேண்டும். சொல்லாமல் நான்கைந்து மாதம் எடுத்துச் செலவழித்த குடும்பங்களில், பிறகு அம்மாவின் ஓய்வூதியத்தில்தான் பிடித்தம் விழும்.

அதனால் இரண்டாவது வரி: “கருவூலத்துக்கு நான் போகிறேன். இறப்புச் சான்றிதழோடு நாளைக்கே எழுத்தில் தகவல் கொடுத்துவிடுகிறேன்.” மாதம் முடிய நான்கு நாள்தான் இருந்தது. பட்டியல் ஏற்கெனவே வங்கிக்குப் போயிருக்கலாம். அப்படிப் பணம் வந்துவிட்டாலும் அது கணக்கிலேயே கிடந்தால் நேர்செய்வது சுலபம். அதே கையோடு பென்ஷனர் குடும்பப் பாதுகாப்பு நிதிக்கும் மனு கொடுக்கச் சொன்னேன். அப்பாவின் ஓய்வூதியத்தில் மாதாமாதம் அதற்குப் பிடித்திருந்தார்கள். அதிலிருந்து கிடைக்கும் 50,000 ரூபாய் காரியக் கடனுக்கு உதவும்.

மூன்றாவது வரி தங்கைக்கு: “அம்மாவின் பெயர் எந்தத் தாளில் எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சொல்லு.”

இதைக் கேட்டதும் நண்பர் வீட்டுக்குள் போய் ஒரு மஞ்சள் பையைக் கொண்டுவந்தார். பி.பி.ஓ. புத்தகத்தைப் பிரித்தோம். அப்பாவும் அம்மாவும் சேர்ந்து எடுத்த படம், கீழே அம்மாவின் பெயர்: கே. லட்சுமி. ‘கே’ அப்பாவின் பெயரின் முதலெழுத்து. ஆதாரை எடுத்தோம்: எஸ். லெட்சுமி. பிறந்த வீட்டு இனிஷியல், எழுத்தும் வேறு. பாஸ்புக்கில் இனிஷியலே இல்லை. மூன்றும் ஒரே அம்மா என்பது வீட்டுக்குத் தெரியும், கருவூலத்துக்குத் தெரியாது.

பி.பி.ஓ.வில் மனைவியின் பெயரும் படமும் இருந்தால் குடும்ப ஓய்வூதிய வேலை பெரும்பாலும் கருவூலத்திலேயே முடிந்துவிடும். மாதக்கணக்கில் இழுப்பது இந்தப் பெயர் வேறுபாடுதான். ஆதாரில் பெயரைத் திருத்தலாம், அல்லது இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம் வாங்கலாம். எது போதும் என்பதைக் கருவூலத்தில் முதலிலேயே கேட்டுவிட வேண்டும். அம்மா பெயரில் தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்குவதும் தங்கையின் வேலை. பெயரைச் சரிசெய்துவிட்டு, அந்தப் பெயரிலேயே தொடங்க வேண்டும். வரிசை மாறினால் நான்காவது பெயர் ஒன்று உருவாகிவிடும்.

பெரிய தம்பிக்கு வங்கியும் தபால் நிலையமும். வங்கியில் 5 லட்சம் ரூபாய் வைப்பு, நாமினி அவரே. தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டக் கணக்கு, நாமினி அம்மா மட்டும். இரண்டாவதை முதலில் பார்க்கச் சொன்னேன். அந்தக் கணக்கில் இறந்த நாளிலிருந்து சாதாரணச் சேமிப்புக் கணக்கு வட்டிதான் கிடைக்கும். ஆனால் மனைவி ஒருவரே நாமினியாக இருந்து, வயதுத் தகுதியும் இருந்தால் கணக்கை முதிர்வுவரை தன் பெயரில் தொடரலாம். அந்த விண்ணப்பம் தள்ளிப்போகக் கூடாது.

வங்கி வைப்புப் பற்றி எழுதும்போது நண்பர் குரலைத் தாழ்த்தினார். “தம்பி நாமினி. அப்படின்னா பணம் அவனுக்குத்தானா?”

இல்லை. பணத்தை வாங்கும் உரிமைதான் நாமினிக்கு. சொந்தம் வாரிசுகளுக்கு. வங்கி வைப்பு விஷயத்தில் உச்ச நீதிமன்றம் 2010-லேயே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அப்பா உயில் எழுதவில்லை. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவருடைய சொந்தச் சம்பாத்தியத்தில் மனைவிக்கும் மகன்களுக்கும் மகளுக்கும் சமபங்கு. கல்யாணமான மகள் என்பதால் குறையாது. ஐந்து பேருக்கும் ஆளுக்கு ஒரு லட்சம். எல்லாரும் அம்மாவுக்கே விட்டுக்கொடுக்கலாம், ஆனால் அது அவரவர் வாயால் வர வேண்டும்.

குடும்ப ஓய்வூதியம் இதில் சேராது. அது அப்பா விட்டுப்போன சொத்தல்ல. அம்மாவுக்கே உரியது, பங்கு பிரிக்க முடியாது. இந்த இரண்டையும் தனித்தனி வரியாகவே எழுதச் சொன்னேன். பணம் வந்தபிறகு சொன்னால் சந்தேகமாகக் கேட்கும். வருவதற்கு முன் சொன்னால் தகவலாகக் கேட்கும்.

கடைசித் தம்பிக்கு எழுதியது: “நீ துபாய்க்குப் போகுமுன் கையெழுத்துப் போட வேண்டியதைப் போட்டுவிட்டுப் போ.” வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் ஐந்து பேரின் விவரமும் கொடுத்து, வட்டாட்சியரிடமிருந்து பெற வேண்டும். பிறகு துபாயிலிருந்து ஏதாவது பிரமாணப் பத்திரம் தேவைப்பட்டால் அங்குள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்க வேண்டியிருக்கும், அலைச்சல். துபாய்க்குப் போனபிறகு அவருக்கு ஒரே வேலை: எல்லாத் தாள்களின் படங்களையும், எந்த அலுவலகத்தில் எந்தத் தேதியில் என்ன கொடுத்தோம் என்பதையும் ஒரே இடத்தில் சேர்த்து வைப்பது. கொடுக்கும் ஒவ்வொரு மனுவுக்கும் நகலில் தேதியும் முத்திரையும் வாங்கி மற்றவர்கள் அவருக்கு அனுப்ப வேண்டும்.

செய்தியின் கடைசி வரியை நண்பர் தானாகவே எழுதினார்: “ஒரு அலுவலகத்துக்கு ஒருவர்தான் போக வேண்டும். ஆனால் எல்லாத் தாளையும் எல்லாரும் பார்க்கலாம்.”

உங்கள் வீட்டில் அப்பா அம்மா இருவரும் இருந்தால், இன்றைக்கே பி.பி.ஓ., ஆதார், பாஸ்புக் மூன்றையும் எடுத்து வைத்து அம்மாவின் பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபாடு இருந்தால் இப்போதே திருத்துங்கள். அப்பா இருக்கும்போதே செய்வது சுலபம்.