"நல்லாச் சாப்பிட்டார்" என்றால் எவ்வளவு?

தெஹிவளையில் காலி வீதியோடு ஒட்டிய ஒழுங்கைகளில் இருக்கும் டே கெயார்களில் பிள்ளையை விட்டுவிட்டுக் கோட்டைக்கு ரயில் ஏறும் தாய்மார் பலர். பின்னேரம் கூட்டிப்போக வருவது அநேகமாக அம்மம்மாதான். டீச்சர் வாசலில் சொன்னது வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதி மறந்துபோகும். அதனால்தான் ஒன்று, இரண்டு வயதுப் பிள்ளைகளின் அறையில் ஆளுக்கொரு கொப்பி வைப்பது. சாப்பாடு, நித்திரை, மலசலம் மூன்றையும் அதில் எழுதினால் போதும்.

"நல்லாச் சாப்பிட்டார்" என்ற வரி தாய்க்கு எதையும் சொல்லாது. "12.30: சோறு, பருப்பு, கரட். கொடுத்ததில் கால்வாசி. தண்ணீர் இரண்டு மிடறு" என்றால், இரவுச் சாப்பாட்டை என்ன செய்வது என்று அவருக்கே விளங்கும். நித்திரைக்குப் படுக்கவைத்த நேரம் வேண்டாம். கண் மூடிய நேரமும் எழும்பிய நேரமும் வேண்டும். ஒன்றிலிருந்து இரண்டு வயதுப் பிள்ளைக்குப் பகலும் இரவும் சேர்த்து 11 முதல் 14 மணித்தியால நித்திரை தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். பகல் கணக்குத் தெரிந்தால்தான் இரவில் ஏன் பத்து மணியாகியும் கொட்டக் கொட்ட விழித்திருக்கிறார் என்பது பிடிபடும்.

பலர் கோட்டைவிடுவது மலசலப் பகுதியில். பம்பர்ஸ் காய்ந்திருந்தால் எழுத ஒன்றுமில்லை என்று விட்டுவிடுவார்கள். ஆனால் வெறும் இடத்தைப் பார்ப்பவருக்கு, போகவில்லையா, டீச்சர் பார்க்கவில்லையா என்று தெரியாது. ஒரு பக்கம் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

10.15 – ஈரம். 
12.30 – சோறு இரண்டு கரண்டி, பிறகு வேண்டாமென்று அழுகை. 
12.50–2.30 – நித்திரை. 
2.35 – காய்ந்திருந்தது. தண்ணீர் கொடுத்தோம், கொஞ்சம்தான் குடித்தார். 
4.00 – இன்னும் காய்ந்திருக்கிறது. உடம்பு சுடுகிறது. அம்மாவுக்கு போன் எடுத்தோம்.

தனித்தனியே பார்த்தால் எதுவும் பெரிதல்ல. சேர்த்து வாசித்தால், கிட்டத்தட்ட ஆறு மணித்தியாலமாகச் சிறுநீர் போகவில்லை. டெங்கு ஓயாத கொழும்பு மாவட்டத்தில், காய்ச்சலோடு ஆறு மணித்தியாலம் சிறுநீர் போகாவிட்டால் விடியும்வரை காத்திராமல் டாக்டரிடம் காட்ட வேண்டும். "2.35 – காய்ந்திருந்தது" என்ற வரி இல்லாவிட்டால் இந்தக் கணக்கே வராது. வயிற்றால் போனாலும் "வயிறு சரியில்லை" என்று எழுதாமல், "தண்ணீராக, மூன்று தரம்" என்றே எழுத வேண்டும்.

கொப்பியை அந்தந்த நேரத்திலேயே எழுத வேண்டும். நாலு மணிக்கு உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதியதைக் கண்டுபிடிப்பது சுலபம்: எல்லாப் பிள்ளையும் ஒன்றுக்குத் தூங்கி இரண்டரைக்கு எழும்பியிருக்கும்! பம்பர்ஸ் மாற்றும் மேசைக்குப் பக்கத்தில் ஒரு பேனையைக் கட்டித் தொங்கவிட்டால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீரும்.

முதல் வரியைக் காலையில் வீட்டார்தான் எழுத வேண்டும்: இரவு நித்திரை எப்படி, கடைசியாக எப்போது பால் குடித்தார், என்ன மருந்து, எத்தனை மணிக்கு. ஆறு மணிக்குப் பனடோல் கொடுத்ததை மறைத்துவிட்டால், பிள்ளை காலை முழுவதும் சுகமாகத்தான் தெரிவார். மருந்தின் வேகம் இறங்கி உடம்பு சுடும்போது, அது புதுக் காய்ச்சலா இரவே தொடங்கியதா என்று டீச்சருக்குத் தெரியாது.