உங்களுக்குத் தெரியுமா? சீட்டு கவுன்ட்டரில் எத்தனை பேர் வேண்டும்?

ஒரு கிளினிக்கில் பெயர் பதிந்து ஓ.பி. சீட்டு கொடுக்க ஒருவருக்குச் சராசரியாக 3 நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு கவுன்ட்டரில் மணிக்கு 20 பேரை அனுப்பலாம். காலையில் மணிக்கு 36 பேர் வருகிறார்கள். இரண்டு கவுன்ட்டரில் 40 பேரைக் கவனிக்கலாமே, போதாதா? போதாது. ஒருவர் வரிசையில் நிற்கும் நேரம் சராசரியாக 13 நிமிடம் ஆகிவிடும். மூன்றாவது கவுன்ட்டரைத் திறந்தால் அதுவே ஒரு நிமிடத்துக்கும் கீழே இறங்கும்!

நோயாளிகள் அளந்து வைத்ததுபோல் 100 நொடிக்கு ஒருவராக வருவதில்லை என்பதுதான் காரணம். திடீரென்று நாலைந்து பேர் சேர்ந்தாற்போல் வருவார்கள். அப்புறம் கொஞ்ச நேரம் ஆளே இருக்காது. ஊழியர் சும்மா இருந்த அந்த நேரத்தை எடுத்துவைத்துக் கூட்டத்துக்குச் செலவழிக்க முடியாது. 40-ல் 36 போனால் மிச்சம் நாலு பேருக்கான இடம்தான். ஒருமுறை சேர்ந்த வரிசை கரைய வெகுநேரம் பிடிக்கும்.

இந்தக் கணக்கு பிறந்தது டெலிபோன் எக்ஸ்சேஞ்சில். கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்த ஏ.கே. எர்லாங் 1917-ல் வெளியிட்ட சூத்திரம் இது.

கூடுதல் ஆள் போடப் பணம் இல்லையா? மேலே சொன்ன கிளினிக்கில் காலை 8 முதல் 12 வரை மணிக்கு 36 பேர், 12 முதல் 4 வரை மணிக்கு 12 பேர் வருவதாகக் கொள்வோம். நாள் சராசரி 24. அதைப் பார்த்து எப்போதும் இரண்டு பேர் என்று டியூட்டி போடுவதுதான் பலரும் செய்யும் தவறு. காலையில் மூன்று பேர், மதியம் ஒருவர் என்று மாற்றிப் பாருங்கள். மொத்தம் அதே 16 மணி நேர வேலைதான். மதியம் வருபவர் 4½ நிமிடம் நிற்பார். காலையில் வருபவருக்கு 12 நிமிடம் மிச்சம்.

இரண்டு கவுன்ட்டருக்கும் தனித்தனி வரிசை வைத்து, வருபவர்களைப் பாதிப் பாதியாகப் பிரித்துவிட்டால் அந்த 13 நிமிடம் 27 ஆகிவிடும். ஒரே வரிசை வைத்து, எந்தக் கவுன்ட்டர் காலியோ அங்கே கூப்பிடுவதே சரி.

சூத்திரம் கைவிடும் இடமும் உண்டு. கதவு திறக்குமுன்பே 40 பேர் நின்றால், இரண்டு கவுன்ட்டரில் மணிக்கு நாலு பேர்தான் குறைவார்கள். மூன்று கவுன்ட்டர் இருந்தால் அந்தக் கூட்டம் சுமார் 1 மணி 40 நிமிடத்தில் கரையும்.

உங்கள் கிளினிக்கில் கணக்கு ஒத்துவருகிறதா என்று பார்க்க, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வரிசையில் நிற்பவர்களை எண்ணிச் சராசரி எடுங்கள். அதை, ஒரு நிமிடத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்ற எண்ணால் வகுத்தால் காத்திருக்கும் நேரம் நிமிடத்தில் கிடைத்துவிடும். டியூட்டி பட்டியல் எழுதுவதற்கு முன் ஒரு வாரமாவது, மணிவாரியாக, இப்படி எண்ணிவிடுங்கள்.