பையில் 51, தட்டில் எவ்வளவு?

சூப்பர் மார்க்கெட்டில் ‘லோ ஜி.ஐ.’, ‘டயாபடிக் ரைஸ்’ என்று அச்சடித்த அரிசிப் பைகள் இப்போது தனி அடுக்கையே பிடித்துவிட்டன. வீட்டில் ஒருவருக்குச் சர்க்கரை என்றால், விலை கூடுதல் என்றாலும் கை அந்தப் பக்கம்தான் போகும். வாங்குவதில் தவறில்லை. ஆனால் பையில் போட்டிருக்கும் எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று தெரிந்து வாங்குவது நல்லது.

ஜி.ஐ. என்கிற கிளைசெமிக் இன்டெக்ஸ் 1981இல் வந்தது. கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் டேவிட் ஜென்கின்ஸும் அவர் குழுவினரும் அறிமுகப்படுத்தினார்கள். சர்க்கரை நோய் இல்லாத பத்துப் பேராவது வெறும் வயிற்றில் வருவார்கள். ஒரு நாள் அவர்களுக்கு 50 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீர். இன்னொரு நாள் அதே 50 கிராம் மாவுச்சத்து கிடைக்கிற அளவு சோறு. இரண்டு மணி நேரம் விரலில் குத்திக் குத்திச் சர்க்கரை ஏறி இறங்குவதைக் குறித்துக்கொள்வார்கள். குளுக்கோஸ் ஏற்றியதை 100 என்று வைத்தால் சோறு ஏற்றியது எவ்வளவு என்பதுதான் அந்த எண். 55 வரை குறைவு, 70க்கு மேல் அதிகம், நடுவில் இருப்பது நடுத்தரம்.

சென்னையில் மெட்ராஸ் டயாபடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் நம் கடை அரிசிகளைச் சோதித்து 2012இல் வெளியிட்டது. பொன்னி 70, சோனா மசூரி 72, சுர்தி கோலம் 77. மூன்றும் ‘அதிகம்’தான். தெலங்கானா வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கிய தெலங்கானா சோனாவுக்குச் சுமார் 51 என்கிறார்கள். ரகத்துக்கு ரகம் மாறுவதற்கு முக்கியக் காரணம் மாவுச்சத்தில் அமைலோஸ் என்ற பகுதி எவ்வளவு என்பது. அது கூடுதலாக இருக்கிற அரிசி வெந்தாலும் பருக்கை பருக்கையாக நிற்கும், செரிக்க நேரமாகும். குழைந்து ஒட்டுகிற அரிசி சட்டென்று சர்க்கரையாகிவிடும்.

இனி தட்டுக்கு வருவோம். சோதனையில் மாவுச்சத்து எப்போதும் 50 கிராம்தான். 65 கிராம் அரிசி வடித்தால் அது வந்துவிடும். சாம்பாருக்கு ஒரு கை, ரசத்துக்கு ஒரு கை, மோருக்கு ஒரு கை என்று நாம் சாப்பிடுவதோ சாதாரணமாக 150 கிராம் அரிசியின் சோறு. அதில் மாவுச்சத்து சுமார் 117 கிராம். அதை ஜி.ஐ.யால் பெருக்கி 100ஆல் வகுத்தால் கிடைப்பது கிளைசெமிக் லோடு, அதாவது அந்தச் சாப்பாடு ஏற்றும் மொத்தச் சுமை. பொன்னி என்றால் 82. 51 போட்ட அரிசி என்றால் 60. அதே பொன்னியைப் பாதியாகக் குறைத்து, மீதி இடத்தில் கூட்டும் கொஞ்சம் சுண்டலும் வைத்தால், சோற்றின் சுமை 41. சுண்டலையும் சேர்த்தால் கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான். விலை உயர்ந்த பையைவிடச் சிறிய கரண்டி அதிகம் சாதிக்கிறது. “இது சுகர் அரிசிதானே” என்று இன்னொரு கரண்டி போட்டுக்கொள்பவருக்குக் கிடைத்த லாபமும் போய்விடும்.

சமையலும் எண்ணை மாற்றும். அதே அரிசியைக் குக்கரில் கூடுதல் விசில் விட்டுக் குழைத்தாலோ, மாவாக்கிக் கஞ்சி காய்ச்சினாலோ சர்க்கரை வேகமாக ஏறும். ராகி நல்ல தானியம்தான். ஆனாலும் மாவாக அரைத்துக் காய்ச்சிய ராகிக் கஞ்சி, முழுத் தானியத்தைப்போல மெதுவாகச் செரிக்காது.

ரொட்டியில் இந்த ஏமாற்றம் இன்னும் தெளிவு. சர்வதேசப் பட்டியலில் வெள்ளை ரொட்டியின் சராசரி 75, முழுக் கோதுமை ரொட்டி 74. நைஸாக அரைத்தபின் தவிட்டோடு இருந்தாலென்ன, இல்லாவிட்டாலென்ன! நார்ச்சத்துக்காக முழுக் கோதுமையை வாங்கலாம், ஜி.ஐ.க்காக அல்ல. பல்லில் கடிபடும்படி முழுத் தானியம் பாதியாவது கலந்த ரொட்டிதான் எண்ணைக் கீழே இறக்கும். பழுப்பு நிறத்தை நம்பாமல் சேர்மானப் பட்டியலைப் பாருங்கள். எடை அதிகமுள்ள பொருள்தான் முதலில் வரும். அங்கே ‘மைதா’ இருந்தால் ‘மல்டிகிரெய்ன்’ என்பது மேலே தூவிய எள்ளும் ஓட்ஸும் மட்டுமாகவும் இருக்கலாம்.

லேபிளில் ‘லோ ஜி.ஐ.’ என்ற சொல் மட்டும் இருந்து எண் இல்லையென்றால் அதற்கு மதிப்பில்லை. எண் இருந்தால், எந்த ஆய்வகம் சோதித்தது, ஐ.எஸ்.ஓ. 26642 முறைப்படி மனிதர்களிடமா அல்லது குடுவையில் நொதி ஊற்றியா என்று தேடுங்கள். பையில் இல்லாவிட்டால் கம்பெனிக்கு எழுதிக் கேட்கலாம். 53க்கும் 57க்கும் நடுவே அடித்துக்கொள்ள வேண்டாம். பொன்னி, சோனா மசூரி எண்களிலேயே நாலு புள்ளி இப்படி அப்படி ஆகும் என்று ஆய்வாளர்களே போட்டிருக்கிறார்கள். எண் சிறியது என்பதால் உணவு நல்லது என்றும் ஆகாது. கொழுப்பு செரிமானத்தைத் தாமதப்படுத்துவதால் உருளைக்கிழங்கு சிப்ஸின் ஜி.ஐ., வேகவைத்த உருளைக்கிழங்கைவிடக் குறைவு.

உங்கள் உடம்பில் என்ன நடக்கிறது என்பதை வீட்டுக் குளுக்கோமீட்டரே சொல்லும். ஒரு வாரம் பழைய அரிசி, மறுவாரம் புது அரிசி. சோற்றை எடை போட்டு ஒரே அளவு, தொட்டுக்கொள்ள அதே குழம்பு, அதே காய். சாப்பிடுவதற்கு முன்பு ஒரு தடவை, முதல் வாய் வைத்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை பாருங்கள். ஒரு நாள் எண்ணை நம்பாமல் சில நாள் எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதி ஒப்பிடுங்கள். இன்சுலினோ சர்க்கரையை இறக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் சோற்றைத் திடீரென்று பாதியாக்கினால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடலாம். அவர்கள் டாக்டரிடம் மருந்தளவைக் கேட்டுக்கொண்டு தொடங்க வேண்டும்.