காலச்சொல் முன்வந்தால் எழுவாய் எங்கே செல்லும்? சுவீடிய மொழி கற்போரின் ஒரு தொடர்ப்பிழை

‘என் தம்பி நேற்று நூலைப் படித்தான்’ என்று சொல்லலாம். ‘நேற்று என் தம்பி நூலைப் படித்தான்’ என்றும் சொல்லலாம். ‘நூலை நேற்று என் தம்பி படித்தான்’ என்பதும் தமிழே. வினைமுற்று இறுதியில் நிற்க, அதற்கு முன்னுள்ள சொற்கள் இடம் மாறிக்கொள்கின்றன. எது முன்வந்தாலும் மற்றொன்று அதற்காக நகர வேண்டியதில்லை. இந்த உரிமைக்குப் பழகிய நமக்கு, ஒரு காலச்சொல்லை முன்னே கொண்டுவந்த குற்றத்திற்காக எழுவாய் தன் இடத்தை இழக்கும் மொழி வியப்பாகவே தோன்றும். சுவீடிய மொழி அத்தகையது. டச்சும் ஜெர்மனும் இதில் அதனோடு சேர்ந்தவையே. இந்தியத் துணைக்கண்டத்திலும் காஷ்மீரி மொழி இவ்வகையைச் சேர்ந்தது. இங்கு நாம் சுவீடிய மொழியை மட்டும் எடுத்துக்கொண்டு, அதைக் கற்போர் காலச்சொல்லால் தொடங்கும் தொடர்களில் செய்யும் ஒரு பிழையை ஆராய்வோம். ஒலிகளைத் தமிழ் எழுத்தில் ஏறத்தாழவே தர இயலும்.

‘மின் ப்ரூர் லேஸ்டெ பூகென் இ கோர்’ என்பது இயல்பான சுவீடியத் தொடர். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘என் சகோதரன் படித்தான் நூலை நேற்று’ என்றாகும். ‘இ கோர்’ என்ற காலச்சொல்லை முன்னே கொண்டுவந்தால் ‘இ கோர் லேஸ்டெ மின் ப்ரூர் பூகென்’ என்று சொல்ல வேண்டும். அதாவது ‘நேற்று படித்தான் என் சகோதரன் நூலை’. நூலை முன்னிறுத்தினாலும் இதே நிலைதான்: ‘பூகென் லேஸ்டெ மின் ப்ரூர் இ கோர்’. மூன்று தொடர்களிலும் ‘லேஸ்டெ’ என்ற வினைமுற்று அசையவில்லை. அது நட்டு வைத்த முளை. அதன் முன்னே ஓர் இருக்கை மட்டுமே உண்டு. அவ்விருக்கையில் எழுவாய் அமரலாம், காலம் அமரலாம், செயப்படுபொருளும் அமரலாம். வேறொன்று அமர்ந்துவிட்டால் எழுவாய் வினைக்குப் பின்னால் சென்றுவிட வேண்டும். டென்மார்க்கு அறிஞர் பவுல் டீடரிக்சென் 1946இல் வெளியிட்ட இலக்கண நூலில் இவ்விருக்கையை ‘அடித்தளம்’ என்னும் பொருள்பட அழைத்தார். சுவீடிய வகுப்பறைகளில் இன்றும் அப்பெயரே வழங்குகின்றது.

கற்போர் பெரும்பாலும் எழுதுவது ‘இ கோர் மின் ப்ரூர் லேஸ்டெ பூகென்’ என்பதே. இருவர் அமர்ந்த பிறகு வினை மூன்றாமிடத்துக்குத் தள்ளப்பட்டுவிட்டது.

‘இரண்டாம் இடம்’ என்பதை ‘இரண்டாம் சொல்’ என்று கற்பிப்பது பெருங்கேடு. ‘ஃபெர் ட்ரே ஓர் சேதன் ஃப்ளிட்டதெ யாக் டில் மால்மே’ என்பது ‘மூன்று ஆண்டுகளுக்கு முன் நான் மால்மே நகருக்குக் குடிபெயர்ந்தேன்’ என்று பொருள்படும். இதில் வினை ஐந்தாம் சொல்லாக நிற்கின்றது; ஆயினும் இரண்டாம் இடத்திலேயே நிற்கின்றது. முதல் நான்கு சொற்களும் சேர்ந்து ‘எப்போது’ என்ற ஒரே வினாவிற்கு விடையாவதால் அவை ஒரே உறுப்பு. எண்ண வேண்டியது சொற்களையல்ல, உறுப்புகளையே.

இதைப் ‘பொருள் விளங்கத்தான் செய்கிறது, போகட்டும்’ என்று விட்டுவிடலாமா? ‘இ கோர்’ போன்ற சொற்களில் விளங்குவது உண்மையே. ஆனால் எல்லாக் காலச்சொற்களும் அப்படியல்ல. ஒரு மாணவர் எழுதக்கூடிய சிறு பத்தியை நாமே அமைத்துப் பார்ப்போம். அவர் சொல்ல விரும்பியது இது: நான் ஏழு மணிக்கு விழித்தேன். பிறகு நான் காலையுணவு உண்டேன். அப்போது என் சகோதரன் தொலைபேசியில் அழைத்தான். நான் வீட்டுக்கு வந்தபோது நூலைப் படித்தேன்.

முதல் தொடர் ‘யாக் வாக்னதெ க்ளொக்கன் ஷூ’. எழுவாய் முதலில், வினை இரண்டாவது, பிழையில்லை.

இரண்டாவதை அவர் ‘சேதன் யாக் ஓட் ஃப்ரூகொஸ்ட்’ என்று எழுதுகிறார். ‘சேதன்’ என்பதற்குப் ‘பிறகு’ என்று அகராதி பொருள் கூறும். அவர் அதை நம்பினார். ஆனால் அச்சொல்லே சார்புத் தொடரைத் தொடங்கும் இணைப்புச் சொல்லாகவும் வரும். அந்நிலையில் எழுவாய் முன்னும் வினை பின்னுமாக நிற்கும். எனவே சுவீடியர் காதில் இத்தொடர் ‘நான் காலையுணவு உண்டதிலிருந்து’ என்று விழுகின்றது. உண்டதிலிருந்து என்ன ஆயிற்று என்று அவர் காத்திருப்பார். மாணவரோ முற்றுப்புள்ளி வைத்துவிட்டார். ‘சேதன் ஓட் யாக் ஃப்ரூகொஸ்ட்’ என்றிருந்தால்தான் ‘பிறகு நான் காலையுணவு உண்டேன்’ என்ற முற்றுத்தொடராகும்.

மூன்றாவது ‘தோ மின் ப்ரூர் ரிங்தெ’. ‘தோ’ என்பதற்கும் இரு முகங்கள் உண்டு. ‘தோ ரிங்தெ மின் ப்ரூர்’ என்றால் ‘அப்போது என் சகோதரன் அழைத்தான்’. ‘தோ மின் ப்ரூர் ரிங்தெ’ என்றால் ‘என் சகோதரன் அழைத்தபோது’. சொற்கள் அவையே, ஒலிகளும் அவையே. ‘அழைத்தான்’ என்பதற்கும் ‘அழைத்தபோது’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை வினை நிற்கும் இடம் ஒன்றே காட்டுகின்றது.

தமிழாசிரியர்கள் இங்குச் சற்று நின்று நோக்க வேண்டும் என்று விரும்புகின்றோம். தமிழ் இவ்வேறுபாட்டை வினையின் ஈற்றிலேயே வைத்துவிட்டது. ‘அழைத்தான்’ என்பது முற்று. ‘அழைத்த’ என்பது எச்சம். காதில் விழுந்தவுடனே தொடர் முடிந்ததா, இன்னும் தொடருமா என்பது தெரிந்துவிடுகின்றது. சுவீடிய வினையில் அத்தகைய ஈறு இல்லை. ‘ரிங்தெ’ இரண்டிடத்தும் ‘ரிங்தெ’யே. முற்றென்றும் சார்பென்றும் பிரித்துக் காட்ட அம்மொழிக்கு இடம்தான் ஈறாகப் பயன்படுகின்றது. ‘தோ மின் ப்ரூர் ரிங்தெ’ என்று தனித்து எழுதுபவர், ‘அப்போது என் சகோதரன் அழைத்த’ என்று எழுதி நிறுத்தியவருக்கு ஒப்பாவார். தமிழ் மாணவருக்கு இவ்விதியை விளக்க இதைவிட நேரான வழியை நாம் அறியோம்.

நான்காவது தொடர்தான் மிகக் கடினமானது. ‘நேர் யாக் கொம் ஹெம் யாக் லேஸ்டெ பூகென்’ என்று அவர் எழுதுகிறார். ‘நேர் யாக் கொம் ஹெம்’, அதாவது ‘நான் வீட்டுக்கு வந்தபோது’, பிழையற்ற சார்புத் தொடர். ஆனால் அதுவும் ‘எப்போது’ என்பதற்கு விடையாதலால், முழுமையாக முதல் இருக்கையில் அமர்ந்துவிட்டது. அடுத்து வர வேண்டியது வினை: ‘நேர் யாக் கொம் ஹெம் லேஸ்டெ யாக் பூகென்’. ஒரே தொடரில் ‘நான் வந்த’ என்ற வரிசையும் ‘படித்தேன் நான்’ என்ற வரிசையும் அடுத்தடுத்து வருவதால் மாணவர் தடுமாறுகின்றார்.

இதைத் திருத்தப் புகும்போது மறுபக்கப் பிழை ஒன்று முளைக்கும். காலம் முன்வந்தால் இடம் மாற்று என்று கேட்டுக் கேட்டுப் பழகியவர், சார்புத் தொடருக்குள்ளும் மாற்றி ‘நேர் கொம் யாக் ஹெம்’ என்று எழுதிவிடுவார். அதற்கு ‘நான் எப்போது வீட்டுக்கு வந்தேன்?’ என்பதே பொருள். தன் வருகையைத் தானே வினவிக்கொண்டதாகிவிடும். இப்பிழையைக் கண்டு ஆசிரியர் சலிப்படையக் கூடாது. இடமாற்றம் என்ற செய்கையை மாணவர் கற்றுவிட்டார். அது முதன்மைத் தொடருக்கு மட்டும் உரியது என்பதை இன்னும் கற்கவில்லை.

இப்பிழைக்குத் தாய்மொழியே காரணம் என்று கூறிவிடுவது எளிது. ஜெர்மன் மொழியைக் கற்கும் சுவீடிய மாணவர்களைப் பற்றி ஹோக்கன்சன், பீனமன், சயேலி ஆகியோர் 2002இல் வெளியிட்ட ஆய்வு அந்த எளிமையைக் குலைத்தது. இரு மொழிகளிலும் வினை இரண்டாமிடத்திலேயே நிற்கும். எனவே சுவீடியர்க்குப் பிழை வர வழியில்லை; ஆயினும் வந்தது. காலச்சொல்லுக்குப் பின் எழுவாயை வைத்து ஜெர்மன் பேசினர். தாய்மொழியில் இருப்பதும் கற்கும் மொழியில் உரிய படிநிலையை அடைந்த பின்னரே கைகொடுக்கும் என்பது அவர்கள் முடிவு. ஊட்டே போனாக்கர் 2006இல் வெளியிட்ட ஆய்வில் வேறொன்றைச் சுட்டினார். ஆங்கிலம் அறியாத சுவீடியர்கள் ஜெர்மன் கற்கத் தொடங்கியபோது வினையைச் சரியாகவே வைத்தனர்; ஆங்கிலம் கற்றிருந்தவர்களே தவறினர். தாய்மொழியை விட, இடையில் கற்ற அயல்மொழி வந்து குறுக்கிட்டது என்பது அவர் வாதம்.

நம் நாட்டு மாணவர்களை எண்ணும்போது இரண்டாவது விளக்கத்தையே நாம் பெரிதும் கருதுகின்றோம். தமிழும் ஆங்கிலமும் அறிந்தவர் ஐரோப்பிய மொழி ஒன்றைத் தொடும்போது அவர் கை ஆங்கிலத்தையே நாடும். ஆங்கிலத்தில் காலச்சொல்லை எழுதி, காற்புள்ளி இட்டு, எழுவாயைத் தொடங்கலாம். அக்காற்புள்ளி காலத்தைத் தொடருக்கு வெளியே நிறுத்திவிடுகின்றது. சுவீடிய மொழியில் ‘இ கோர்’ என்பதற்குப் பின் காற்புள்ளி இடுவதில்லை; காலம் தொடருக்கு உள்ளேயே அமர்கின்றது. மாணவரின் கட்டுரையில் அவ்விடத்தில் காற்புள்ளி தென்பட்டால் பிழையின் ஊற்று எங்கே என்பது தெரிந்துவிடும்.

விதி மனத்தில் இறங்கிவிட்டதா என்று அறியவும் ஒரு வழி உண்டு. ‘நூ ஏர் யாக்’ (இப்போது இருக்கிறேன் நான்) போன்ற சிறு கோவைகளைச் சரியாகச் சொல்வதை வைத்து முடிவு கட்டக் கூடாது. அவை முழுதாக மனப்பாடமாகி வருபவை. நீண்ட காலத்தொடர், பெயர்ச்சொல் எழுவாய், துணைவினை ஆகிய மூன்றும் கூடும் தொடரைக் கொடுத்துப் பாருங்கள். ‘நாளை காலையில் என் சகோதரன் நூலைப் படிப்பான்’ என்பதை ‘இ மொரொன் பிட்டி ஸ்கா மின் ப்ரூர் லேஸா பூகென்’ என்று சொல்ல வேண்டும். ‘ஸ்கா’ என்ற துணைவினை மட்டும் இரண்டாமிடம் ஏறும்; ‘லேஸா’ என்ற முதன்மைவினை எழுவாய்க்குப் பின் தங்கிவிடும். இரண்டையும் சேர்த்து முன்னே இழுத்துவிடும் மாணவர் விதியில் பாதியையே கற்றிருக்கிறார்.

சுவீடனில் பிறந்து வளர்ந்தவர்கள் சிலரிடமும் இவ்வரிசை கேட்கும். ஸ்டாக்ஹோமின் ரிங்கெபி புறநகரில் பல மொழிப் பின்னணியுள்ள இளைஞர்களின் பேச்சை உல்லா பிரிட் கொட்சினாஸ் 1980களில் ஆராய்ந்தபோது, காலச்சொல்லுக்குப் பின் எழுவாய் வருவதை அப்பேச்சின் அடையாளங்களுள் ஒன்றாகக் குறித்தார். 2008இல் நத்தாலியா கனூசா செய்த ஆய்வு, இளைஞர் பலரிடம் அது அரிதே என்றும், நண்பர்களுக்கிடையே சிலர் விரும்பிக் கையாள்வது என்றும் காட்டியது. தெரியாமல் தவறுவதும் தெரிந்தே மாற்றுவதும் ஒன்றல்ல. பள்ளித் தாளில் மட்டும் இரண்டும் ஒரே சிவப்புக் கோட்டைப் பெறுகின்றன.

இலக்கணமே விலக்களித்த சொல் ஒன்றும் உண்டு. ‘கான்ஷெ’ என்றால் ‘ஒருவேளை’. அதை முன்வைத்து ‘கான்ஷெ கொம்மர் ஹான்’ (ஒருவேளை வருவான் அவன்) என்றும் சொல்லலாம். ‘கான்ஷெ ஹான் கொம்மர்’ (ஒருவேளை அவன் வருவான்) என்றும் சொல்லலாம். அச்சொல் ‘நிகழக்கூடும்’ என்று பொருள்படும் ஒரு வினைத்தொடரிலிருந்து பிறந்தது. உள்ளே ஒரு பழைய வினை ஒளிந்திருப்பதால் போலும், இரண்டாவது இருக்கைக்கு வேறொரு வினையை அது கட்டாயமாகக் கேட்பதில்லை.