விற்பனைப் பணியாளரின் விண்ணப்ப மின்னஞ்சல்: சரிபார்க்கத்தக்க எண்கள்

விற்பனைத் துறையில் பணியாற்றும் ஒருவர் வேறு நிறுவனத்தில் வேலை கேட்டு அனுப்பும் மின்னஞ்சலில், தமக்குத் தரப்பட்ட இலக்கு, தாம் எட்டிய விற்பனை, தாம் பார்த்துக்கொண்ட பகுதி ஆகிய மூன்றையும் எண்களாகக் குறிப்பிடுவது வழக்கமாகும். இந்த எண்களை வேறொருவர் தனியாகக் கணக்கிட்டோ விசாரித்தோ உறுதி செய்துகொள்ள முடியுமானால் அவை சரிபார்க்கத்தக்க எண்கள் எனப்படும். நுகர்பொருள் விற்பனையில் ஒரு பகுதியின் விற்பனை அலுவலராக இருப்பவர் இத்தகைய மின்னஞ்சலை எழுதும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

## எண் எப்போது சரிபார்க்கத்தக்கதாகிறது

"இலக்கில் 130% எட்டினேன்" என்ற வரியில் எண் இருக்கிறது. ஆனால் அதைச் சரிபார்க்க வழியில்லை. எந்த மாதம் அல்லது ஆண்டு, இலக்கு எவ்வளவு ரூபாய், எந்த வகை விற்பனை, எந்த ஊர்கள் என்ற நான்கு கேள்விகளுக்கும் அதில் விடையில்லை. இவற்றில் ஒன்று விடுபட்டாலும் படிப்பவர் அந்த எண்ணைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

விழுக்காட்டை மட்டும் எழுதுவதால் இன்னொரு குழப்பமும் வரும். மாதம் 2 இலட்சம் விற்ற பொருள் 8 இலட்சம் விற்றால் வளர்ச்சி 300% ஆகும். 80 இலட்சம் விற்ற பகுதி 92 இலட்சத்துக்கு உயர்ந்தால் வளர்ச்சி 15% மட்டுமே. கூடுதலாக வந்த தொகை முதலாவதில் 6 இலட்சம், இரண்டாவதில் 12 இலட்சம். அடிப்படைத் தொகையை எழுதாவிட்டால் சிறிய சாதனை பெரிதாகவும் பெரியது சிறிதாகவும் தெரியும். இலக்கில் எட்டிய விழுக்காடும், சென்ற ஆண்டைவிட வளர்ந்த விழுக்காடும் வெவ்வேறானவை என்பதால் இரண்டையும் தனித்தனியே எழுத வேண்டும்.

## முதல்நிலை விற்பனையும் இரண்டாம்நிலை விற்பனையும்

நுகர்பொருள் நிறுவனம் தன் சரக்கை விநியோகஸ்தருக்கு விற்பது முதல்நிலை விற்பனை. விநியோகஸ்தர் அதைக் கடைகளுக்கு விற்பது இரண்டாம்நிலை விற்பனை. துறையினர் இவற்றை பிரைமரி, செகண்டரி என்று அழைக்கின்றனர். விண்ணப்பங்களில் அதிகமாகக் குழப்பப்படுவது இந்த இரண்டும்தான்.

முதல்நிலை விற்பனையை மாதக் கடைசியில் செயற்கையாக உயர்த்த முடியும். விநியோகஸ்தரிடம் பேசி, கடைகளுக்குப் போகாத சரக்கையும் அவருடைய கிடங்கில் இறக்கிவிட்டால் அந்த மாத இலக்கு நிறைவேறிவிடும். மார்ச்சு மாதம் 1.60 கோடிக்குச் சரக்கு இறங்கி, கடைகளுக்கு 1 கோடிக்கு மட்டுமே போயிருந்தால், 60 இலட்சம் கிடங்கில் தேங்கும். ஏப்ரலில் விநியோகஸ்தர் புதிய சரக்கு வாங்க மறுப்பார். எனவே அனுபவமுள்ள மேலாளர் நேர்காணலில் மார்ச்சு எண்ணை மட்டும் கேட்பதில்லை. ஏப்ரல் எண்ணையும், ஆண்டு முடிவில் விநியோகஸ்தரிடம் எத்தனை நாள் விற்பனைக்கான சரக்கு இருந்தது என்பதையும் சேர்த்துக் கேட்பார்.

ஆகவே மின்னஞ்சலில் இரண்டாம்நிலை விற்பனையை எழுதுவது நல்லது. அது விநியோகஸ்தரின் பில்லிங் மென்பொருளில் கடைவாரியாகப் பதிவாகியிருக்கும். ஜிஎஸ்டி சேர்த்த தொகையா, சேர்க்காத தொகையா என்பதையும் குறிப்பிட வேண்டும். நிறுவனம் முதல்நிலை விற்பனைக்கு மட்டுமே இலக்கு தந்திருந்தால் அதை அப்படியே எழுதி, ஆண்டு முடிவின் இருப்பு நாட்களைப் பக்கத்தில் சேர்த்தால் போதுமானது.

## விலை உயர்வைப் பிரித்துக் காட்டுதல்

ஒரு ஆண்டில் விற்பனைத் தொகை கூடியதற்கு நிறுவனம் விலையை ஏற்றியதும் காரணமாக இருக்கலாம். அந்தப் பங்கு விற்பனையாளரின் உழைப்பால் வந்ததன்று. தொகை 16.7% கூடி, சராசரி விலை 4% ஏறியிருந்தால், 1.167 ஐ 1.04 ஆல் வகுக்க 1.122 கிடைக்கும். அதாவது சரக்கின் அளவு ஏறத்தாழ 12% கூடியுள்ளது. போட்டி நிறுவனத்தின் மேலாளருக்கு அந்த ஆண்டின் விலை உயர்வு தெரிந்திருக்கும். விண்ணப்பதாரரே இதைப் பிரித்து எழுதிவிட்டால் அவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று குறைகிறது.

## விற்பனைப் பகுதியை எழுதுதல்

"தென் தமிழகம் முழுவதும் கவனித்தேன்" என்பது பகுதியின் அளவைச் சொல்வதில்லை. மாவட்டங்களின் பெயருடன் விநியோகஸ்தர்கள், விற்பனையாளர்கள், கடைகள் ஆகியோரின் எண்ணிக்கையும் வேண்டும். கடைகள் என்னும்போது பட்டியலில் உள்ள கடைகளையும் உண்மையில் சரக்கு வாங்கும் கடைகளையும் பிரிக்க வேண்டும். பட்டியலில் 5,000 கடை இருந்து, கடந்த மூன்று மாதங்களில் ஒருமுறையாவது வாங்கியவை 3,150 என்றால், எழுத வேண்டியது 3,150.

ஆண்டின் நடுவில் பகுதி மாறியிருந்தால் அதையும் சொல்ல வேண்டும். பக்கத்துப் பகுதியின் விநியோகஸ்தர் ஒருவர் அக்டோபரில் தம்மிடம் சேர்க்கப்பட்டால் விற்பனை தானாகவே உயரும். அதைச் சேர்க்காமல், இரண்டு ஆண்டுகளிலும் பொதுவாக இருந்த எல்லையை மட்டும் ஒப்பிட்டால்தான் வளர்ச்சி உண்மையாகும்.

## எடுத்துக்காட்டு மின்னஞ்சல்

நடைமுறையில் இத்தகைய மின்னஞ்சல் பெரும்பாலும் ஆங்கிலத்தில் அனுப்பப்படுகிறது. அதன் உள்ளடக்கம் தமிழில் கீழே தரப்படுகிறது. எண்கள் விளக்கத்துக்காக அமைக்கப்பட்டவை.

பொருள்: பகுதி விற்பனை மேலாளர் பணி, மதுரை – 6 ஆண்டு நுகர்பொருள் அனுபவம்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

மதுரைப் பகுதி விற்பனை மேலாளர் பணிக்கு விண்ணப்பிக்கிறேன். பொதியிடப்பட்ட உணவுப்பொருள் நிறுவனம் ஒன்றில் திண்டுக்கல், தேனி மாவட்டங்களின் விற்பனை அலுவலராக உள்ளேன்.

பகுதி: 9 விநியோகஸ்தர்கள், அவர்களிடம் 14 விற்பனையாளர்கள், வாங்கும் கடைகள் 3,150. 2022 ஏப்ரல் முதல் எல்லை மாறவில்லை.

2023–24 இரண்டாம்நிலை விற்பனை, ஜிஎஸ்டி நீங்கலாக: இலக்கு ₹10.80 கோடி, அடைவு ₹11.34 கோடி, அதாவது 105%. முந்தைய ஆண்டு ₹9.72 கோடி, வளர்ச்சி 16.7%. இதில் விலை உயர்வு ஏறத்தாழ 4%.

12 மாதங்களில் 9 மாதம் இலக்கை எட்டினேன். மே, நவம்பர், டிசம்பர் மாதங்களில் எட்டவில்லை. நவம்பரில் கம்பம் விநியோகஸ்தர் விலகினார். சனவரியில் புதியவரை நியமித்தேன்.

மார்ச்சு முடிவில் விநியோகஸ்தர்களிடம் 18 நாள் இருப்பு இருந்தது. முந்தைய மார்ச்சில் 19 நாள்.

ஊக்கத்தொகை விவரமுள்ள ஊதியச் சீட்டுகளையும் ஆண்டு மதிப்பீட்டுக் கடிதத்தையும் நேர்காணலில் காட்ட இயலும். தற்குறிப்பை இணைத்துள்ளேன்.

## படிப்பவர் செய்யும் கணக்கு

இந்த மின்னஞ்சலைப் பெறும் மேலாளர் யாரையும் விசாரிக்காமலேயே சில வகுத்தல்களைச் செய்து பார்க்கலாம். 11.34 கோடியை 3,150 கடைகளால் வகுத்தால் ஒரு கடைக்கு ஆண்டுக்கு ₹36,000, மாதத்துக்கு ₹3,000 வருகிறது. அந்த வகைப் பொருளுக்கு இது பொருந்துமா என்பது அவருக்குத் தெரியும். 3,150 கடைகளை 14 விற்பனையாளர்களால் வகுத்தால் ஒருவருக்கு 225 கடை. வாரம் ஒருமுறை எல்லாக் கடைக்கும் போவதானால் ஆறு வேலை நாட்களில் நாளுக்கு 37 அல்லது 38 கடை. ஒருவர் நடந்து முடிக்கக்கூடிய எண்ணிக்கைதான் இது.

இதே இடத்தில் கடைகள் 9,000 என்று எழுதியிருந்தால் நாளுக்கு 107 கடை என்று வரும். வாரந்தோறும் ஒருவரால் அப்படிப் போய்வர முடியாது என்பதை விற்பனைத் துறையில் இருக்கும் யாரும் உடனே கண்டுகொள்வர். ஒரு எண்ணைக் கூட்டி எழுதினால் மற்ற எண்கள் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். அதன்பின் உண்மையான 105% என்ற எண்ணையும் அவர் நம்பமாட்டார்.

எட்டாத மூன்று மாதங்களை எழுதியிருப்பதும் சரிபார்ப்புக்கு உதவுகிறது. மாதந்தோறும் ஊக்கத்தொகை தரும் நிறுவனமானால், ஊதியச் சீட்டுகளில் அது ஒன்பது மாதங்களுக்கு மட்டும் வந்திருக்க வேண்டும். வழக்கமாக ஒரு மாதமோ இரண்டு மாதமோ தள்ளி வரும். காலாண்டுக்கு ஒருமுறை தரும் நிறுவனங்களில் இந்த ஒப்பீடு பொருந்தாது. மே மாதத்துக்கு மின்னஞ்சலில் காரணம் கூறப்படவில்லை. நேர்காணலில் அது கேட்கப்படும். விடையை ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும்.

## வெளியில் நடக்கும் சரிபார்ப்பு

வேலை உறுதியாகும் நிலையில் நடக்கும் பின்னணிச் சரிபார்ப்பில், முந்தைய நிறுவனத்தின் மனிதவளப் பிரிவு பொதுவாகப் பணிக்காலத்தையும் பதவியையும் மட்டும் உறுதி செய்யும். பணிக்காலம் வருங்கால வைப்பு நிதிக் கணக்கின் பணி வரலாற்றிலும் தெரியும். விற்பனை எண்களை மனிதவளப் பிரிவு சொல்வது அரிது.

விற்பனை எண்கள் சந்தையிலேயே விசாரிக்கப்படுகின்றன. ஒரே விநியோகஸ்தர் பல நிறுவனங்களின் சரக்கை எடுப்பது வழக்கம் என்பதால், புதிய நிறுவனத்தின் ஆள் அவரிடம் நேரடியாகவே பேசக்கூடும். சரக்கு தேங்கியதா, திட்டத் தள்ளுபடிக்கான பணம் நிலுவையில் உள்ளதா, வாக்குறுதி காப்பாற்றப்பட்டதா என்பவை அங்கே தெரிந்துவிடும். தற்போது வேலையில் இருப்பவர், தம் அனுமதியின்றி இப்போதைய மேலாளரை அணுக வேண்டாம் என்று மின்னஞ்சலிலேயே கேட்டுக்கொள்ளலாம்.

## எழுதக் கூடாதவை

சரிபார்க்கத்தக்க எண் என்பதற்காக நிறுவனத்தின் அறிக்கைகளை இணைத்து அனுப்பக் கூடாது. விநியோகஸ்தர்வாரி விற்பனைப் பட்டியல், தள்ளுபடி விகிதங்கள், கடைகளின் தொலைபேசி எண்கள் ஆகியவை நிறுவனத்துக்கு உரியவை. பெரும்பாலான பணி ஒப்பந்தங்களில் இரகசியக் காப்பு விதி உள்ளது. அலுவலக மின்னஞ்சலிலிருந்து சொந்த முகவரிக்கு அனுப்பிய கோப்பு நிறுவனத்தின் வழங்கியில் பதிவாகியிருக்கும். பிறகு அதுவே ஒழுங்கு நடவடிக்கைக்குச் சான்றாகலாம். அவ்வாறு இணைத்து அனுப்புபவர் நாளை தம் நிறுவனத் தரவையும் வெளியே தருவார் என்று பெறுபவரும் எண்ணக்கூடும்.

ரூபாய்த் தொகையே இரகசியம் என்ற ஒப்பந்தம் இருந்தால், முந்தைய ஆண்டை 100 எனக் கொண்டு எழுதலாம். மேற்கண்ட எடுத்துக்காட்டில் இலக்கு 111, அடைவு 117 என வரும். விநியோகஸ்தர்கள், விற்பனையாளர்கள், கடைகளின் எண்ணிக்கை சந்தையில் கண்ணுக்குத் தெரிபவை என்பதால் அவற்றை எழுதுவதில் பொதுவாகத் தடை இருக்காது. கடைகளை விற்பனையாளர்களால் வகுத்துப் பார்க்கும் கணக்கு அப்போதும் இயலும். கடைக்கு எவ்வளவு விற்பனை என்ற கணக்கு மட்டும் இயலாது.