சுவிட்சை அணைத்தால் பேனல் அடங்கிவிடுமா?

ஒரு நூற்பாலையில் காற்றுக்கு ஈரப்பதம் கொடுக்கும் பெரிய மின்விசிறி ஓடிக்கொண்டிருக்கிறது. 415 வோல்ட், மூன்று ஃபேஸ். வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு டிரைவ். அந்த டிரைவுக்குள் இருக்கும் சின்ன கூலிங் ஃபேன் பழுதாகிவிட்டது. மாற்றுவது கால் மணி நேர வேலை. இப்படிப்பட்ட குட்டி வேலைகளில்தான் பூட்டும் டேகும் பெட்டியிலேயே தங்கிவிடுகின்றன. பேனலைத் திறக்குமுன் டெக்னீஷியன்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை இந்த ஒரே வேலையை வைத்துப் பார்க்கலாம்.

ஸ்டாப் பட்டனை அழுத்தினால் போதாதா?

போதாது. ஸ்டாப் பட்டனும் சரி, சிவப்புக் காளான் போல இருக்கும் எமர்ஜென்சி பட்டனும் சரி, கன்ட்ரோல் லைனை மட்டுமே துண்டிக்கின்றன. மோட்டார் நின்றுவிடும், டிரைவின் இன்புட் டெர்மினலில் 415 வோல்ட் அப்படியே நிற்கும். ஆகவே முதலில் ஆபரேட்டரிடம் சொல்லி மின்விசிறியை முறைப்படி நிறுத்த வேண்டும். லோடு இறங்கிய பிறகு, எம்.சி.சி. அறையில் இந்தப் பேனலுக்கு வரும் ஃபீடரின் ஐசோலேட்டரை அணைக்க வேண்டும்.

பேனலிலேயே ஒரு மெயின் சுவிட்ச் இருக்கிறதே, அதை அணைத்தால் என்ன என்று சிலர் கேட்பார்கள். அதை அணைத்தாலும், கேபிள் வந்து சேரும் மேல்பக்க டெர்மினல்களில் மின்சாரம் இருக்கும். ஸ்பேனர் நழுவி விழுவது பெரும்பாலும் அந்தப் பக்கம்தான்.

யார் பூட்டு போட வேண்டும்?

உள்ளே கை வைக்கும் ஒவ்வொருவரும். எலெக்ட்ரீஷியனும் ஃபிட்டரும் சேர்ந்து வேலை செய்தால், பல பூட்டுகள் தொங்கும் ஹாஸ்ப்பை மாட்டி இருவரும் தனித்தனியாகப் பூட்ட வேண்டும். சாவி அவரவர் சட்டைப் பையில். சூப்பர்வைசர் எல்லோருக்குமாக ஒரே பூட்டைப் போடுவது கூடாது. ஃபிட்டர் உள்ளே இருக்கும்போதே எலெக்ட்ரீஷியன் வேலை முடிந்தது என்று பூட்டு திறக்கப்பட்டுவிடலாம். டேகில் பெயர், தேதி, நேரம், என்ன வேலை என்பவை இருக்க வேண்டும். டேக் தகவல் சொல்லும், கைப்பிடியைப் பிடித்து நிறுத்தாது. பூட்டிய பிறகு ஸ்டார்ட் பட்டனை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு, மறுபடி ஸ்டாப் நிலைக்குக் கொண்டுவர வேண்டும்.

பூட்டிய பிறகும் உள்ளே எங்கே மின்சாரம் இருக்கும்?

இந்தப் பேனலில் முக்கியமான இடம் டிரைவின் கெபாசிட்டர். 415 வோல்ட் ஏ.சி. உள்ளே டி.சி.யாக மாறி, ஏறத்தாழ 560 முதல் 590 வோல்ட் வரை அதில் நிற்கிறது. சப்ளை போனதும் அது மெதுவாகத்தான் வடியும். டிரைவின் மேல் ஒட்டியிருக்கும் எச்சரிக்கையில் எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று இருக்கும். பல டிரைவ்களில் 5 நிமிடம், பெரியவற்றில் அதற்கும் மேல். டிஸ்ப்ளே அணைந்துவிட்டது என்பதை நம்பிக் கை வைக்கக் கூடாது. நேரம் கழிந்த பிறகு மீட்டரை டி.சி.யில் வைத்து, பிளஸ், மைனஸ் டெர்மினல்களுக்கு இடையே அளந்துதான் முடிவு செய்ய வேண்டும்.

அடுத்தது வெளியிலிருந்து வரும் வயர்கள். பம்ப் பேனலிலிருந்து இன்டர்லாக்குக்காக 230 வோல்ட் வந்திருக்கலாம். பேனல் ஹீட்டருக்கும் யு.பி.எஸ்.ஸுக்கும் தனி சப்ளை இருக்கலாம். மெயின் சுவிட்ச் அணைந்தும் உயிரோடு இருக்கும் இத்தகைய வயர்களுக்கு ஆரஞ்சு நிறத்தை ஐ.இ.சி. 60204-1 தரநிலை பரிந்துரைக்கிறது. பழைய பேனல்களில் அந்த நிறத்தை எதிர்பார்க்க முடியாது. டிராயிங்கைப் பார்த்து, ஒவ்வொன்றையும் அது புறப்படும் இடத்திலேயே அணைத்துப் பூட்ட வேண்டும்.

மீட்டர் சுழியம் காட்டினால் தொடலாமா?

அந்த மீட்டர் சரியாக இருந்தால் தொடலாம். லீடு அறுந்திருந்தாலும் மீட்டர் சுழியம்தான் காட்டும். அதனால் முதலில் மின்சாரம் இருப்பது உறுதியான வேறொரு இடத்தில் மீட்டரைச் சோதிக்க வேண்டும். பிறகு வேலை செய்யும் இடத்தில் ஆர்-ஒய், ஒய்-பி, பி-ஆர், பின்பு ஒவ்வொரு ஃபேஸுக்கும் எர்த்துக்கும், நியூட்ரலுக்கும் இடையே பார்க்க வேண்டும். கடைசியாக மறுபடியும் பழைய இடத்துக்குப் போய் மீட்டர் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். இந்த மூன்றாவது சோதனையைத்தான் அதிகம் பேர் விட்டுவிடுகிறார்கள். சட்டைப் பையில் இருக்கும் நியான் டெஸ்டர் இதற்கு உதவாது. அது எரிவதும் எரியாததும் நிற்பவரின் செருப்பையும் தரையையும் பொறுத்தது.

பூட்டைப் போட்டவர் வீட்டுக்குப் போய்விட்டால்?

உடனே அறுக்கக் கூடாது. அமெரிக்காவில் 1989-இல் வந்த ஓஷா விதி இதற்கு வழி சொல்கிறது: அவர் ஆலைக்குள் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும், பூட்டு எடுக்கப்பட்டதை அவருக்குத் தெரிவிக்க எல்லா முயற்சியும் எடுக்க வேண்டும், அவர் மறுபடி வேலையைத் தொடங்குமுன் அதை அவர் அறிந்திருக்க வேண்டும். இதற்கெல்லாம் பொறுப்பு நிர்வாகத்தினுடையது. இரவு ஷிப்டில் அவசரப்படும் டெக்னீஷியன் தானாக முடிவெடுக்கும் விஷயம் அல்ல.