குட்டி ஈன்ற பன்றியும் முதல் மூன்று நாட்களும்



எங்கள் தோட்டத்தில் ஒரு குடும்பத்தார் வளர்த்த பன்றி, ஓர் இரவில் ஒன்பது குட்டிகளை ஈன்றது. பொழுது விடிந்து பார்த்தால் இரண்டு குட்டிகள் தாயின் அடியில் நசுங்கிக் கிடந்தன. அடுத்த இரவில் இன்னொன்றும் போயிற்று. "இது குட்டியைக் கொல்லும் சாதி, விற்றுவிடலாம் வாத்தியாரே" என்றார் வீட்டுக்காரர். போய்ப் பார்த்தேன். குட்டிகளின் குளிருக்காக அவர் கட்டியிருந்த மின்விளக்கு, தாய் படுக்கும் இடத்திற்கு நேர் மேலே தொங்கியது.

பிறந்த குட்டியின் உடலில் கொழுப்பு மிகக் குறைவு. அதற்குச் சுமார் 33 பாகை வெப்பம் வேண்டும். மழை இரவில் சிமெண்டுத் தரை அதற்குப் பனிக்கட்டி போலத்தான். ஆகவே சூடு தேடித் தாயின் வயிற்றோடு ஒட்டிக்கொள்ளும். களைத்துப்போன தாய் எழுந்து மறுபடி படுக்கும்போது, நலிந்த குட்டியால் விலக முடிவதில்லை.

ஆதலால் கொட்டிலின் ஒரு மூலையைப் பலகையால் மறைத்து, குட்டி மட்டும் நுழையும்படி வழி விட்டோம். உள்ளே உலர்ந்த சாக்கை விரித்து, இரண்டடி உயரத்தில் விளக்கை மாற்றிக் கட்டினோம். குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தால் சூடு போதவில்லை. விளக்கை விட்டு விலகிச் சிதறிக் கிடந்தால் சூடு அதிகம். பக்கம் பக்கமாகப் படுத்திருந்தால் சரி. சுவரோரம், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்திலும் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளியும் இரும்புக் குழாய் பொருத்தினோம். தாய் சாயும்போது குட்டி அந்த இடைவெளியில் தப்பிக்கொள்ளும்.

ஒன்று மறக்கலாகாது. குட்டிகளை மூலையில் விடுமுன், பிறந்த சில மணி நேரத்திற்குள் ஒவ்வொன்றும் சீம்பால் குடித்திருக்க வேண்டும். பிறகு முதல் மூன்று நாட்களும், தாய் தீனிக்கு எழும் நேரத்தில் அவற்றைக் கையால் எடுத்து மூலையில் அடைத்துவிடுங்கள். தாய்க்கு ஈன்ற அன்று தீனியைக் குறைத்து, தண்ணீரைத் தாராளமாக வையுங்கள். மடி கல்லாகிச் சுட்டாலோ, தீனி தொடாமல் குட்டிகளை விரட்டினாலோ, அன்றைக்கே கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும்.

மிஞ்சிய ஆறும் பிழைத்தன. அவற்றுக்கு மூன்றாம் நாள் இரும்புச்சத்து ஊசி போட்டோம். "பால்தான் குடிக்கிறதே, ஊசி எதற்கு?" என்று வீட்டம்மா கேட்டார். நியாயமான கேள்வி. குட்டி பிறக்கும்போது அதன் உடலில் ஏறக்குறைய 50 மில்லிகிராம் இரும்புச்சத்தே இருக்கும். நாளொன்றுக்குத் தேவை ஏழு. தாய்ப்பாலில் கிடைப்பதோ ஒன்று. அக்கணக்கில் எட்டே நாளில் கையிருப்பு தீர்ந்துவிடும். மண்ணைக் கிளறித் திரியும் குட்டிக்கு மண்ணிலிருந்து கொஞ்சம் கிடைக்கும். சிமெண்டுத் தரையில் அதுவும் இல்லை.

ஒரு குட்டிக்கு 200 மில்லிகிராம் போதும். சில மருந்துகளில் அது ஒரு மில்லிலிட்டரிலும், சிலவற்றில் இரண்டிலும் இருக்கும்; புட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படிக்காமல் ஏற்றாதீர்கள். காதுக்குப் பின்னால், கழுத்துத் தசையில், தோலைச் சற்றே ஒரு பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டு சுத்தமான ஊசியால் போட வேண்டும். ஊசியை எடுத்தபின் தோலை விட்டால் துளை மூடிக்கொள்ளும், மருந்து வழியாது. முதன்முறை போடுவோர் கால்நடை ஊழியர் போடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்வது நல்லது.

ஊசி போடாத குட்டி முதல் வாரம் கொழுகொழுவென்றுதான் இருக்கும், அதுதான் ஏமாற்றும். இரண்டாம் மூன்றாம் வாரத்தில் காதும் மூக்கும் வெளுத்து, மயிர் சிலிர்த்து, சிறிது ஓடினாலே விலா எகிற மூச்சு வாங்கும்.